எல்லாப் பெருக்கற்பலனும் பூஜ்யம். ஆனாலும் அது உகந்த தீர்வு அன்று

நேரியல் திட்டமிடல் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் ஒரு கருத்தைப் பிடிவாதமாக வைத்திருக்கிறார். முதன்மைக் கணக்கின் தீர்வும் இருமைக் கணக்கின் தீர்வும் கையில் தரப்பட்டிருந்தால், நிரப்புத் தளர்வு நிபந்தனைகளைச் சரிபார்ப்பது வீண் வேலை என்பதே அது. "இரண்டும் ஏற்புடைய தீர்வுகளா என்று பாருங்கள், இரண்டு குறிக்கோள் மதிப்புகளும் சமமா என்று பாருங்கள், அதோடு முடிந்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டின் தளர்வையும் அதன் இருமை மாறியோடு பெருக்கிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே சோதனையை வேறு உடையில் மறுபடி செய்வதுதான்" என்பார். அவர் சொல்வதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அந்தக் கருத்து எனக்குள் ஏனோ செரிக்கவே இல்லை. சொல்லப்பட்டது உண்மையாக இருந்தும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற உறுத்தல் நீண்ட காலம் இருந்தது.

தன் பக்கத்துக்கு ஆதாரமாக அவர் ஒரு முறை ஒரு விடைத்தாளைக் காட்டினார். மாணவர் ஒருவர் ஆறு பெருக்கற்பலன்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் பூஜ்யம் என்று காட்டி, 'எனவே இவை உகந்த தீர்வுகள்' என்று முடித்திருந்தார். தீர்வோ தவறு. "பார்த்தீர்களா, பூஜ்யங்களைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். மதிப்புகளை ஒப்பிட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்" என்றார் நண்பர். அந்தத் தாளை வாங்கி மதிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. அதற்குப் போகும் முன் கணக்கை முழுமையாக வைத்துவிடுகிறேன். எண்களை மட்டும் கையால் போட வசதியாக மாற்றி அமைத்திருக்கிறேன்.

கணக்கும் சரியான விடையும்

```
பெருமமாக்குக:  7x₁ + 9x₂ + 8x₃
கட்டுப்பாடுகள்:
   2x₁ +  x₂ +  x₃ ≤ 11
   3x₁ +  x₂ +  x₃ ≤ 16
    x₁ + 3x₂ + 2x₃ ≤ 10
   x₁, x₂, x₃ ≥ 0
```

இதன் இருமைக் கணக்கு, கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு y மாறியை வைத்து எழுதப்படுவது:

```
சிறுமமாக்குக:  11y₁ + 16y₂ + 10y₃
கட்டுப்பாடுகள்:
   2y₁ + 3y₂ +  y₃ ≥ 7
    y₁ +  y₂ + 3y₃ ≥ 9
    y₁ +  y₂ + 2y₃ ≥ 8
   y₁, y₂, y₃ ≥ 0
```

யாரோ நம்மிடம் x = (4, 0, 3), y = (2, 0, 3) என்ற இணையைக் கொடுத்து, இவை உகந்தவை என்கிறார் என்று கொள்வோம். அவர் எந்த வழியில் கண்டுபிடித்தார் என்பது நமக்குத் தேவையில்லை. சரிபார்ப்பின் அழகே அதில்தான் இருக்கிறது. முதலில் x-ஐ முதன்மைக் கட்டுப்பாடுகளில் இடுகிறோம். முதல் கட்டுப்பாட்டில் 11 வருகிறது, தளர்வு இல்லை. இரண்டாவதில் 15 வருகிறது, தளர்வு 1. மூன்றாவதில் 10, தளர்வு இல்லை. எதுவும் மீறப்படவில்லை, மாறிகள் எதுவும் குறை எண் அல்ல. ஆகவே x ஏற்புடையது. பிறகு y-ஐ இருமைக் கட்டுப்பாடுகளில் இடுகிறோம். முதலாவதில் 7, சரியாக எல்லையில் நிற்கிறது. இரண்டாவதில் 11, தேவைப்பட்ட 9-ஐ விட 2 மிகை. மூன்றாவதில் 8, எல்லையிலேயே. y-யும் ஏற்புடையது.

இனி நிரப்புத் தளர்வு. தளர்வு உள்ள ஒரே முதன்மைக் கட்டுப்பாடு இரண்டாவது. அதற்குரிய y₂ பூஜ்யம். மிகை உள்ள ஒரே இருமைக் கட்டுப்பாடும் இரண்டாவதுதான். அதற்குரிய x₂ பூஜ்யம். மற்ற நான்கு இடங்களிலும் தளர்வோ மிகையோ இல்லாததால் பெருக்கற்பலன் தானாகவே பூஜ்யமாகிறது. ஆகவே இணை உகந்தது. ஒப்பிட விரும்பினால், முதன்மை மதிப்பு 28 + 24 = 52; இருமை மதிப்பு 22 + 30 = 52. நண்பரின் சோதனையும் அதே தீர்ப்பைத்தான் தருகிறது.

இடைவெளியின் பற்றுவரவு

இரண்டு சோதனைகளும் ஏன் ஒரே தீர்ப்பைத் தருகின்றன என்பதை ஒரு முற்றொருமை சொல்லிவிடுகிறது. முதன்மைக் கட்டுப்பாடுகளின் கெழுக்களை A என்றும், அவற்றின் வலப்பக்கங்களை b என்றும், குறிக்கோளின் கெழுக்களை c என்றும் குறித்து, முதன்மைத் தளர்வுகளை s = b − Ax என்றும், இருமை மிகைகளை t = Aᵀy − c என்றும் எழுதுவோம். y·s என்பது b·y − y·Ax. x·t என்பது y·Ax − c·x. இரண்டையும் கூட்டினால் நடுவிலுள்ள y·Ax அடிபட்டுப் போய், பின்வருவது மிஞ்சுகிறது:

```
b·y − c·x  =  (y₁s₁ + y₂s₂ + y₃s₃) + (x₁t₁ + x₂t₂ + x₃t₃)
```

இடப்பக்கம் இருப்பது இருமை மதிப்புக்கும் முதன்மை மதிப்புக்கும் உள்ள இடைவெளி. வலப்பக்கம் இருப்பவை நாம் சரிபார்க்கும் அதே ஆறு பெருக்கற்பலன்கள். x, y இரண்டும் ஏற்புடையவை என்றால் வலப்பக்கத்தில் எந்த உறுப்பும் குறை எண்ணாக இருக்க முடியாது; எனவே இடைவெளி பூஜ்யம் என்பதும், ஆறு பெருக்கற்பலன்களும் தனித்தனியே பூஜ்யம் என்பதும் ஒன்றே. நண்பரின் வாதம் இந்த வரியில்தான் நிற்கிறது. ஏற்புடைய எந்த y-யின் மதிப்பும் ஏற்புடைய எந்த x-இன் மதிப்புக்கும் மேலெல்லையாக இருப்பதால், இடைவெளி மூடிவிட்டால் இரண்டு பக்கமும் அதற்கு மேல் நகர இடமில்லை. டான்ட்சிக் 1947-இல் ஜான் ஃபான் நாய்மனைச் சந்தித்தபோது பேச்சில் எழுந்த இருமைக் கருத்து, 1951-இல் கேல், கூன், டக்கர் ஆகிய மூவரின் கட்டுரையில் முறையான நிரூபணத்தோடு அச்சேறியது. இங்கே நமக்குத் தேவைப்படுவதோ அதன் எளிய பாதி மட்டுமே. தரப்பட்ட இணை உகந்தது என்று நிறுவ, மேலுள்ள இரண்டு வரி இயற்கணிதத்துக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் இடைவெளி பூஜ்யமாக இல்லாதபோதுதான் இரண்டு சோதனைகளின் வேறுபாடு வெளிப்படுகிறது. y = (2, 0, 3)-ஐ அப்படியே வைத்துக்கொண்டு x = (4, 0, 2) என்று தரப்பட்டிருந்தால், x ஏற்புடையதுதான்; மதிப்பு 44. இருமை மதிப்பு 52. இடைவெளி 8 என்று நண்பரின் சோதனை சொல்லி நிறுத்திக்கொள்ளும். நிரப்புத் தளர்வோ அந்த 8-ஐப் பிரித்துக் கணக்குக் காட்டும். தளர்வுகள் முறையே 1, 2, 2. அவற்றை y-யோடு பெருக்கினால் 2, 0, 6. மிகைப் பக்கத்து மூன்றும் பூஜ்யம். அதாவது முதல் வளத்தில் ஓர் அலகை வீணாக விட்டதால் 2, மூன்றாம் வளத்தில் இரண்டு அலகை வீணாக விட்டதால் 6. இரண்டாம் வளத்திலும் இரண்டு அலகு மிஞ்சியிருக்கிறது. ஆனால் அதன் நிழல் விலையான y₂ பூஜ்யம், எனவே அதில் இழப்பு எதுவும் இல்லை. ஒரு கடைக்காரர் நாள் முடிவில் பெட்டியில் 8 குறைகிறது என்று மட்டும் அறிவதற்கும், எந்தச் சரக்கில் எவ்வளவு போயிற்று என்று பேரேட்டில் காண்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆறு உறுப்புகளும் பூஜ்யமாக இருக்கும்போது பேரேடு தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் தரப்படும் தீர்வுகள் எப்போதும் அப்படி இருப்பதில்லை.

இந்த அளவில் என் உறுத்தலுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மறுபாதி அந்த விடைத்தாளில் இருந்தது.

48.4-உம் 53.2-உம்

மாணவர் எழுதியிருந்த தீர்வை நம் எண்களுக்கு மாற்றினால் x = (4.6, 1.8, 0), y = (2.4, 0, 2.2) என்று அமையும். முதன்மைக் கட்டுப்பாடுகளில் இட்டால் 11, 15.6, 10 என வருகின்றன. இரண்டாவதில் மட்டும் 0.4 தளர்வு, y₂ பூஜ்யம். இருமைக் கட்டுப்பாடுகளில் முதல் இரண்டும் 7, 9 என்று எல்லையிலேயே நிற்கின்றன. மூன்றாவது எல்லையில் இல்லை, ஆனால் x₃ பூஜ்யம். ஆக ஆறு பெருக்கற்பலன்களும் பூஜ்யம். மாணவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. நண்பர் பரிந்துரைத்த சோதனையை இதில் போட்டேன். முதன்மை மதிப்பு 32.2 + 16.2 = 48.4. இருமை மதிப்பு 26.4 + 22 = 48.4. இரண்டும் சமம்! மதிப்புகளை ஒப்பிட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்று நண்பர் சொன்னது நடந்திருக்காது. அந்தச் சோதனையும் இந்தத் தவறான இணையைக் கைதட்டி அனுப்பியிருக்கும்.

எங்கே தவறு? மூன்றாம் இருமைக் கட்டுப்பாட்டில் 2.4 + 4.4 = 6.8 வருகிறது; 8 தேவை. மாணவர் அந்தக் கட்டுப்பாடு எல்லையில் இல்லை என்பதை மட்டும் கவனித்தார், எந்தப் பக்கம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. t₃ = −1.2. அது x₃ = 0 என்பதோடு பெருக்கப்பட்டவுடன் குறியும் அளவும் மறைந்துபோயின. பெருக்கற்பலன் சோதனையின் பலவீனம் இதுதான்: பூஜ்யத்தோடு பெருக்குவது எந்த மீறலையும் விழுங்கிவிடும். இடைவெளியின் முற்றொருமையைப் பெறும்போது நாம் ஏற்புடைமையை எங்கும் பயன்படுத்தவில்லை என்பதை நினைவில் கொண்டால், மதிப்புகள் சமமாக வந்ததிலும் வியப்பில்லை. ஆறு உறுப்புகளும் பூஜ்யம் என்றால் இடைவெளி பூஜ்யமாகத்தான் இருக்கும், தீர்வு உகந்ததோ இல்லையோ.

இது தற்செயலாக அமைந்த எண் விளையாட்டும் அன்று. சிம்ப்ளெக்ஸ் முறையில் ஒவ்வொரு படியிலும் ஓர் அடிப்படை இருக்கிறது. அந்த அடிப்படையிலிருந்து x-ஐயும், அதே அடிப்படையிலிருந்து y-யையும் கணக்கிடலாம். அப்படிப் பெறும் எந்த இணையும் நிரப்புத் தளர்வை நிறைவு செய்யும், மதிப்புகளும் சமமாக இருக்கும். முதல் படியிலும் அப்படியே, கடைசிப் படியிலும் அப்படியே. அடிப்படையில் உள்ள மாறிகளுக்கு இருமைக் கட்டுப்பாடு சமன்பாடாகவே தீர்க்கப்படுகிறது. அடிப்படைக்கு வெளியே உள்ளவை பூஜ்யமாக வைக்கப்படுகின்றன. எனவே ஒவ்வொரு பெருக்கற்பலனிலும் ஒரு காரணி கட்டமைப்பாலேயே பூஜ்யம். சிம்ப்ளெக்ஸ் தேடுவது பூஜ்யங்களை அல்ல, அவை தொடக்கம் முதலே அதன் கையில் இருக்கின்றன. அது தேடுவது y-யின் ஏற்புடைமையை. இருமை சிம்ப்ளெக்ஸ் முறையோ y-யை ஏற்புடையதாக வைத்துக்கொண்டு x-இன் ஏற்புடைமையைத் தேடுகிறது.

அந்த இரண்டாம் வகைத் தவறான இணையையும் நம் கணக்கிலேயே காட்டலாம். x = (4.4, 0, 2.8), y = (0, 1.2, 3.4) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் முதன்மைக் கட்டுப்பாடுகள் 16, 10 என்று எல்லையில் நிற்கின்றன. y₁ பூஜ்யம், x₂ பூஜ்யம். முதல், மூன்றாம் இருமைக் கட்டுப்பாடுகள் 7, 8 என்று எல்லையில் நிற்கின்றன. எல்லாப் பெருக்கற்பலனும் பூஜ்யம். இரண்டு மதிப்புகளும் 53.2. இங்கே y முழுமையாக ஏற்புடையது. ஆனால் முதல் முதன்மைக் கட்டுப்பாட்டில் 8.8 + 2.8 = 11.6 வந்து 11-ஐத் தாண்டிவிடுகிறது. y₁ = 0 என்பது அந்த மீறலை விழுங்கிவிட்டது.

இந்த இரண்டு தவறான இணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முதலாவதில் x ஏற்புடையது, எனவே 48.4 உகந்த மதிப்புக்குக் கீழெல்லை. இரண்டாவதில் y ஏற்புடையது, எனவே 53.2 மேலெல்லை. உண்மையான 52 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பூஜ்யங்களும் சமத்துவமும் மூன்று இணைகளுக்கும் பொது. அவற்றைப் பிரித்துக் காட்டியது ஏற்புடைமை மட்டுமே. பல விடைத்தாள்களில் 'x, y ஏற்புடையவை என்பது தெளிவு' என்று ஒரு வரியில் கடந்துபோகும் பகுதிதான் உண்மையில் நிரூபணத்தின் கனமான பகுதி.

மீறலின் அளவும் வீணான தகவல் அன்று. முதல் தவறான இணையில் t₃ = −1.2 என்பது, x₃-ஐ ஓர் அலகு உயர்த்தினால் மதிப்பு 1.2 கூடும் என்பதைச் சொல்கிறது. செய்து பார்க்கலாம்: முதல், மூன்றாம் கட்டுப்பாடுகளை எல்லையிலேயே வைத்துக்கொண்டு x₃-ஐ ஓர் அலகு கூட்டினால் x₁ 0.2 குறையும், x₂ 0.6 குறையும். x₂ தொடக்கத்தில் 1.8, எனவே மூன்று அலகு கூட்டியதும் அது பூஜ்யத்தைத் தொடும். அப்போது நாம் நிற்பது (4, 0, 3)-இல். கூடிய மதிப்பு 3 × 1.2 = 3.6; 48.4 + 3.6 = 52. மாணவர் குறியைக் கவனித்திருந்தால், தன் தீர்வு தவறு என்பதோடு சரியான தீர்வுக்கு ஒரே ஒரு படி தொலைவில் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்கும்.

x மட்டும் தரப்பட்டால்

நண்பரின் சோதனையால் செய்யவே முடியாத வேலை ஒன்று உண்டு. x மட்டும் தரப்பட்டு, y தரப்படாதபோது ஒப்பிட இரண்டாவது மதிப்பே இல்லை. நிரப்புத் தளர்வு அங்கே y-யைக் கட்டித் தருகிறது. x = (4, 0, 3) என்று மட்டும் சொல்லியிருந்தால், இரண்டாம் கட்டுப்பாட்டில் தளர்வு இருப்பதால் y₂ = 0; x₁, x₃ இரண்டும் மிகை எண்கள் என்பதால் முதல், மூன்றாம் இருமைக் கட்டுப்பாடுகள் சமன்பாடுகளாக வேண்டும். 2y₁ + y₃ = 7, y₁ + 2y₃ = 8. தீர்த்தால் y₁ = 2, y₃ = 3; வேறு தீர்வு இல்லை. கடைசியாக, பயன்படுத்தாத இரண்டாம் இருமைக் கட்டுப்பாட்டையும் குறிகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் நிறைவாகின்றன, x உகந்தது. அதே வழியில் (4.6, 1.8, 0)-க்குக் கட்டினால் (2.4, 0, 2.2) ஒன்றுதான் கிடைக்கும், அது ஏற்புடையது அல்ல, வேறு y-க்கு வழியும் இல்லை. எனவே அந்த x உகந்தது அல்ல என்பதும் நிரூபணமாகிவிடுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் 'வேறு y-க்கு வழியில்லை' என்ற சொற்றொடரை அழுத்திப் படிக்க வேண்டும். இரண்டாம் கட்டுப்பாட்டின் வலப்பக்கத்தை 16-இலிருந்து 15-ஆக மாற்றிப் பாருங்கள். x = (4, 0, 3) இப்போது மூன்று கட்டுப்பாடுகளையும் எல்லையில் தொடுகிறது. தளர்வு எங்கும் இல்லாததால் எந்த y-யையும் பூஜ்யம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அறிய வேண்டியவை மூன்று, சமன்பாடுகள் இரண்டே. சிதைந்த தீர்வு என்று பாடநூல்கள் சொல்லும் நிலை இதுதான். இங்கே சிலர், கணக்கை எளிதாக்க ஏதாவது ஒரு y-யைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தீர்ப்பார்கள். y₃ = 0 என்று வைத்தால் 2y₁ + 3y₂ = 7, y₁ + y₂ = 8; விடை y = (17, −9, 0). குறை எண் வந்துவிட்டது, ஆகவே x உகந்தது அல்ல என்று எழுதினால் அது தவறு. மதிப்பு இங்கும் 187 − 135 = 52 என்றே வரும்; அது நம்மைக் காப்பாற்றாது என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

சரியான வழி, எல்லாத் தீர்வுகளையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்ப்பது. y₂-ஐ k என்று விட்டுவிட்டால் y₁ = 2 − 5k/3, y₃ = 3 + k/3 என்று கிடைக்கும். y₂ குறை எண்ணாகக் கூடாது என்பதால் k ≥ 0. y₁ குறை எண்ணாகக் கூடாது என்பதால் k ≤ 1.2. பயன்படுத்தாத இரண்டாம் இருமைக் கட்டுப்பாடு 11 + k/3 ≥ 9 என்று ஆகிறது. அது இந்த வரம்பு முழுவதும் நிறைவாகும். 0 முதல் 1.2 வரை எந்த k-யை எடுத்தாலும் ஏற்புடைய y கிடைக்கிறது; ஒன்று போதும், x உகந்தது என்று சொல்லிவிடலாம். (17, −9, 0) என்பது k = −9-இல் இருக்கிறது, வரம்புக்கு வெகு வெளியே. கோடு முழுவதும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. அதில் எங்காவது ஒரு புள்ளி நல்லதாக இருந்தால் போதும்.

மறுபுறம், x உகந்தது அல்ல என்று சொல்ல வேண்டுமானால் கோடு முழுவதும் தோற்க வேண்டும். குறிக்கோள் சார்பில் x₂-இன் கெழு 9-க்குப் பதில் 12 என்றிருந்தால், 11 + k/3 ≥ 12 என்பதற்கு k குறைந்தது 3 ஆக வேண்டும். y₁-இன் குறியோ k-யை 1.2-ஐத் தாண்ட விடாது. வரம்பு வெறுமை, எந்த y-யும் இல்லை, ஆகவே (4, 0, 3) உகந்தது அல்ல. நம்பாதவர்கள் x = (4.375, 1.875, 0)-ஐ இட்டுப் பார்க்கலாம். எந்தக் கட்டுப்பாடும் மீறப்படாமல் மதிப்பு 53.125 வரும், 52-ஐ விட அதிகம். கணக்கு பெரிதாக இருக்கும்போது இத்தகைய வரம்பைக் கண்ணால் வெட்டிப் பார்க்க முடியாது. சமன்பாடுகளும் குறிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்த அந்தச் சிறு தொகுதிக்கு ஏற்புடைய தீர்வு உண்டா என்பதே இன்னொரு நேரியல் திட்டமிடல் கணக்காகிவிடும்.

சிதைந்த நிலையில் இன்னொன்றும் கண்ணில் படும். k = 0 என்றால் y₂ பூஜ்யம், இரண்டாம் கட்டுப்பாட்டின் தளர்வும் பூஜ்யம். நிரப்புத் தளர்வு கேட்பது இரண்டில் ஒன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. சரியாக ஒன்றுதான் பூஜ்யமாக வேண்டும் என்று அது கேட்பதில்லை. 'தளர்வு பூஜ்யம், ஆகவே y மிகை எண்' என்று திருப்பிப் படிப்பது அடிக்கடி காணும் பிழை. ஒவ்வோர் இணையிலும் சரியாக ஒன்று மட்டும் பூஜ்யமாகும் உகந்த தீர்வுகள் எப்போதும் உண்டு என்பது கோல்ட்மனும் டக்கரும் 1956-இல் நிறுவியது. நம் கணக்கில் k-யை 0-க்கும் 1.2-க்கும் நடுவில் எங்கு வைத்தாலும் அப்படிப்பட்டது கிடைக்கும். ஆனால் நம்மிடம் தரப்படும் தீர்வு அந்த வகையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கணினி தந்த விடையைச் சரிபார்க்கும்போது

நடைமுறையில் x, y இரண்டையும் மென்பொருள்தான் தருகிறது. சரிபார்ப்பு சில வரிகளே:

```python
import numpy as np
A = np.array([[2,1,1],[3,1,1],[1,3,2]])
b = np.array([11,16,10]); c = np.array([7,9,8])
x = np.array([4,0,3]);    y = np.array([2,0,3])
s = b - A @ x
t = A.T @ y - c
print(min(x), min(y), min(s), min(t))   # எதுவும் குறை எண் ஆகக் கூடாது
print(y * s, x * t)                     # எல்லாம் பூஜ்யம்
```

முதல் `print` வரியை இரண்டாவதற்கு முன்னால் வைத்திருப்பது வேண்டுமென்றே. (4.6, 1.8, 0) இணையை இதில் இட்டால் இரண்டாம் வரி, கணினியின் நுண்ணிய தசமப் பிசிறுகளைத் தவிர, பூஜ்யங்களாகவே இருக்கும். முதல் வரியின் கடைசி எண் −1.2 என்று வந்து காட்டிக்கொடுக்கும்.

குறிகளில் ஒரு பொறி இருக்கிறது. `scipy.optimize.linprog` எப்போதும் சிறுமத்தையே தேடும். பெருமக் கணக்கைக் கொடுக்க c-யின் குறியை மாற்ற வேண்டும். அப்போது அது `ineqlin.marginals` என்ற பெயரில் தரும் இருமை மதிப்புகள் (−2, 0, −3) என்று குறை எண்களாக வரும். அவற்றை அப்படியே y என்று எடுத்துச் சோதித்தால், சரியான தீர்வையும் தவறென்று தள்ளிவிடுவோம். கணக்கில் சமன்பாட்டுக் கட்டுப்பாடுகள் இருந்தால் அவற்றின் y-க்குக் குறிக் கட்டுப்பாடே கிடையாது. அவற்றின் தளர்வு எப்போதும் பூஜ்யம் என்பதால் பெருக்கற்பலன் சோதனை அவற்றைப் பற்றி எதையும் சொல்லாது. ≥ கட்டுப்பாடுகளுக்குக் குறி தலைகீழாகும். x முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்த கணக்குகளில், உகந்த தீர்வுக்குக்கூட இத்தகைய y இல்லாமல் போகலாம். அங்கே y கிடைக்காதது எதையும் மறுக்காது. கிடைத்தால் மட்டும், நம் (4, 0, 3) போல, முழு எண் கணக்குக்கும் அதுவே சான்றாகும்.

மிஞ்சுவது, பூஜ்யம் என்று எதைக் கொள்வது என்ற கேள்வி. HiGHS மென்பொருளின் இயல்பான ஏற்புடைமைச் சகிப்பு 10⁻⁷. Gurobi 10⁻⁶ வரை விடுகிறது. தளர்வு 10⁻⁶ என்பது கண்ணுக்குப் பூஜ்யம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் y பத்து லட்சம் என்றால் பெருக்கற்பலன் 1. இடைவெளியில் அந்த 1 அப்படியே உட்காரும். எனவே தளர்வையும் y-யையும் தனித்தனியே சிறியதா என்று பார்ப்பது போதாது. பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகையைக் குறிக்கோள் மதிப்போடு ஒப்பிட வேண்டும். மதிப்பு 52 என்ற கணக்கில் 1 பெரிது. ஐம்பது கோடி என்ற கணக்கில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஏற்புடைமையின் குறிகளில் ஐயம் எழும்போது நான் தசமங்களை நம்புவதில்லை. எந்த மாறிகள் அடிப்படையில் இருக்கின்றன என்பதை மட்டும் மென்பொருளிடமிருந்து எடுத்துக்கொண்டு, அந்தச் சமன்பாடுகளைப் பின்னங்களில் மறுபடி தீர்த்து, 4.6-ஐ 23/5 என்றும் −1.2-ஐ −6/5 என்றும் வைத்துக்கொண்டு குறிகளைப் படிக்கிறேன்.